பீஸ் ரேட் பேராசிரியர்

வாரத்துக்கு 16 மணி நேரம். மணிக்கு 300 ரூபாய். மாதத்துக்கு நாலு வாரம். பெருக்கினால் 19,200. விருதுநகர் மாவட்டத்துச் சுயநிதிக் கல்லூரிச் செயலர் ஒருவர் இதைச் சொல்லக் கால்குலேட்டர் எடுப்பதில்லை, மனக்கணக்கிலேயே வந்துவிடும். எதிரே நிற்பவர் முனைவர் பட்டம் வாங்கியவர், 'நெட்' தேறியவர். "கிட்டத்தட்ட இருவதாயிரம் தம்பி. அதுவும் பார்ட் டைம்தான். மிச்ச நேரத்துல நீங்க வேற எதையும் பாத்துக்கலாம். நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறது புண்ணியம் வேற." புண்ணியத்துக்கு மணிக்கு எவ்வளவு என்று அண்ணாச்சி சொல்லவில்லை. அது டிடிஎஸ் பிடிக்காத வருமானம் போலிருக்கிறது.

300 என்பது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட தொகை. உங்கள் கல்லூரியில் 200 இருக்கலாம், 400 இருக்கலாம். தொகை மாறினாலும் ஏமாற்று முறை மாறாது. அந்த 19,200 பொய்யும் அல்ல. அது ஜூலை மாதத்துச் சம்பளம். ஜூலையை மட்டும் எடுத்து, அதற்கு 'மாதம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

உண்மை வருமானத்தைக் கண்டுபிடிக்கக் கணிதப் பேராசிரியர் வேண்டாம்; அவரும் மணிக்கணக்கில்தான் இருப்பார். ஒரு சிவகாசி காலண்டர் போதும். நாடு முழுக்கச் சுவரில் தொங்கும் நாட்களை அச்சடித்துக் கொடுக்கும் ஊர் இது. அந்தத் தாளில் சிவப்பில் அச்சான தேதியெல்லாம் நிரந்தரப் பேராசிரியருக்குச் சம்பளத்தோடு ஓய்வு, மணிக்கணக்கு விரிவுரையாளருக்குக் கையை விட்டுப் போகும் காசு. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேருக்கு மாவட்டமே விடுமுறை. விருதுநகரில் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கல். பிறகு ஆயுத பூஜை, தீபாவளி, தைப்பொங்கல். சாமிகளுக்கும் இவருக்கும் ஏதோ முன்பகை இருக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நம் கல்லூரிகள் பலவற்றில் கால அட்டவணை திங்கள், செவ்வாய் என்று ஓடாது. 'டே ஆர்டர்' என்று ஓடும். முதல் நாள் வரிசை தொடங்கி ஆறாம் நாள் வரிசையில் ஒரு சுற்று முடியும். நடுவில் விடுமுறை வந்தால் வரிசை நின்று, கல்லூரி திறக்கும் நாளில் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆகவே ஒரு விடுமுறை உங்கள் வகுப்பைத் தின்றுவிடாது, தள்ளிப்போடும். கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் 16 மணி நேரம் என்பது வாரத்துக்கு அல்ல, ஒரு சுற்றுக்கு என்று இதிலிருந்து தெரிகிறது. மாதத்துக்கு நாலு சுற்று எந்தக் கல்லூரியிலும் எல்லா மாதமும் வராது.

ஆண்டுக்கு எத்தனை சுற்று வரும்? இதைப் பல்கலைக்கழக மானியக் குழுவே எழுதி வைத்திருக்கிறது. 2018 விதிமுறைகளின்படி ஒரு கல்வியாண்டில் 30 வேலை வாரங்கள், 180 கற்பித்தல் நாட்கள். பருவத்துக்கு 90 நாள். 180 நாளை ஆறால் வகுத்தால் 30 சுற்று. சுற்றுக்கு 16 மணி என்றால் ஆண்டுக்கு 480 மணி. சோறு 12 மாதமும் தின்றாக வேண்டும் என்பதால் 480-ஐப் பன்னிரண்டால் வகுக்கிறோம். மாதத்துக்கு 40 மணி. 300 ரூபாய் வீதம் 12,000. செயலர் சொன்ன 19,200-இல் 7,200 ரூபாயை இதற்குள்ளேயே காணோம். இன்னும் நாம் கல்லூரி வாசலைக்கூடத் தாண்டவில்லை.

சுருக்கமாக வேண்டுமானால் இப்படி: ஒரு சுற்றில் உங்களுக்கு எத்தனை மணி என்று பார்த்து, அதை இரண்டரையால் பெருக்குங்கள். அதுதான் உங்கள் மாத மணி. நாலால் பெருக்குகிறவர் உங்களுக்கு வேலை கொடுக்கிறவராக இருப்பார்.

காலண்டரில் இதை விரித்துப் பார்த்தால் சராசரியும் ஒரு சமாதானம்தான் என்று தெரியும். கல்லூரி ஜூன் நடுவில் திறக்கிறது. அந்த மாதம் 9 நாள் கிடைத்தால் 24 மணி, 7,200 ரூபாய். ஜூலையில் 24 நாள், 64 மணி, செயலரின் அந்தப் புகழ்பெற்ற 19,200. அக்டோபரில் ஆயுத பூஜையும் தீபாவளியும் விழுந்து 12 நாள் என்றால் 32 மணி, 9,600. நவம்பரில் பருவத் தேர்வு, வகுப்பு இல்லை, சுழி. மே மாதம் கோடை விடுமுறை, மறுபடி சுழி. பள்ளி திறக்கிற ஜூன் மாதத்தில், தன் பிள்ளைக்கு நோட்டும் சீருடையும் வாங்க வேண்டிய வாரத்தில், இவர் கையில் இருப்பது மே மாதத்துச் சுழி.

இதிலும் 'கிடைத்தால்' என்ற சொல் ஒளிந்திருக்கிறது. அட்டவணையில் இருக்கும் மணி வேறு, காசாகும் மணி வேறு. மன்றத் தொடக்க விழா, விளையாட்டு விழா, கல்லூரி நாள், சிறப்புச் சொற்பொழிவு, மாதிரித் தேர்வு எல்லாம் கல்லூரியின் வேலை நாட்கள்தாம். டே ஆர்டர் அன்றும் ஓடும். ஆனால் உங்கள் வகுப்பு நடக்காது. நடக்காத வகுப்புக்குக் காசு கிடையாது. வகுப்பு நடத்தத் தயாராக நீங்கள் வந்து நின்றது பதிவேட்டில் எங்கும் ஏறாது. அகமதிப்பீட்டுத் தேர்வில் மூன்று மணி நேரம் கால் கடுக்க நின்று மேற்பார்வை பார்த்தால் அது 'விரிவுரை' ஆகாது. ஒன்றுமே நடக்காத நாளில் வராமல் இருந்துவிடலாமா என்றால், "ஸ்டாஃப்னா எல்லாரும் இருக்கணும் சார்" என்று சுற்றறிக்கை வரும். விழாவில் நாற்காலி போட இவர் ஸ்டாஃப். வருங்கால வைப்பு நிதி கேட்டால் மட்டும் கெஸ்ட்.

இப்படிப் பருவத்துக்கு 30 மணி போனது என்று வைத்துக்கொள்வோம். குறைத்துத்தான் சொல்கிறேன். ஆண்டுக்கு 420 மணி, 1,26,000 ரூபாய், மாதம் 10,500. எத்தனை மணி போகிறது என்று ஊகிக்கத் தேவையில்லை. போன பருவத்து நாட்குறிப்பில் துறைத்தலைவர் கையெழுத்திட்ட மணிகளை எண்ணி, அட்டவணைப்படி வந்திருக்க வேண்டிய 240-ஓடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். ஆனால் அந்த நாட்குறிப்பு அலுவலகத்தில் இருக்கும். பில் போடும்போது அதைக் கொடுத்தாக வேண்டும், திரும்பி வராது. ஆகவே ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் தேதி, நாள் வரிசை, பாடவேளை மூன்றையும் உங்கள் சொந்த நோட்டில் எழுதுங்கள். மாதக் கடைசியில் கையெழுத்தான பக்கத்தை ஃபோனில் படம் எடுங்கள். 38 மணிக்குப் பில் போட்டவருக்கு 34 மணிக்குப் பணம் வந்தால், எந்த நாலு மணி போனது என்று காட்ட வேறு வழி இல்லை. அலுவலகத்தில் கேட்டால் "ஆடிட்ல குறைச்சிருப்பாங்க சார்" என்பார்கள். ஆடிட் என்பவர் யார், எங்கே உட்கார்ந்திருப்பார் என்று இன்றுவரை யாரும் கண்டதில்லை.

பணம் மாதாமாதம் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வரும். நடுவில் வீட்டு நகை அடகுக்கடையில் இருக்கும். அந்த வட்டியையும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். கல்லூரி நிர்வாகத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்க நீங்கள் வட்டிக்கு வாங்குகிறீர்கள் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பொருளாதாரம். வணிகவியல் துறைக்காரர்களாவது இதைப் பாடமாக வைக்கலாம்.

இப்போது அந்த 'பார்ட் டைம்' என்ற சொல்லுக்கு வருவோம். செயலர் சொன்னாரே, மிச்ச நேரம் உங்களுடையது என்று. நமக்குத் தெரிந்த ஒருவருக்கு வீடு விருதுநகர்; கல்லூரி சிவகாசிப் பக்கம். காலை எட்டு மணிக்குப் பஸ் ஏறி, திருத்தங்கல் வழியாகப் போய், இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து ஒன்பது மணிக்குக் கையெழுத்து. முதல் பாடவேளை ஒன்று, கடைசிப் பாடவேளை ஒன்று, நடுவில் ஒன்று. மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டால் அவர் பன்னிரண்டு மணி வாக்கில் புறப்பட்டு வேறு எங்காவது ட்யூஷன் எடுத்துவிடுவார். கால அட்டவணை போடுகிறவர், நிரந்தரப் பேராசிரியர்களுக்கும் முழுநேரக்காரர்களுக்கும் வாகாக எல்லாம் போட்ட பிறகு, மிஞ்சிய ஓட்டைகளில் இவரைச் செருகுவார். மூன்று மணிக்கு விட்டு, நாலு மணிக்கு வீடு. எட்டு மணி நேரம் போனதில் மூன்று மணி நேரத்துக்குச் சம்பளம்.

ஆண்டில் 150 நாள் இப்படிப் போகிறார் என்றால் 1,200 மணி. வீட்டில் பாடம் தயாரிக்க, விடைத்தாள் திருத்த, மதிப்பெண் ஏற்ற நாளைக்கு இரண்டு மணி என்றால் இன்னொரு 300. ஆக 1,500 மணி. நாளொன்றுக்கு 60 ரூபாய் வண்டிச் செலவு வைத்தால் 9,000 போய் 1,17,000 மிஞ்சும். 1,500-ஆல் வகுங்கள். மணிக்கு 78 ரூபாய். நியமனக் கடிதத்தில் 300 என்று இருந்தது வழியில் இப்படி இளைத்துவிட்டது.

வகுப்புக்கு வெளியே செலவாகும் நேரம் என் கற்பனை அல்ல. அதே 2018 விதிமுறைகள் முழுநேர ஆசிரியரின் பணிச்சுமை வாரம் 40 மணிக்குக் குறையக் கூடாது என்கின்றன. அதில் உதவிப் பேராசிரியரின் நேரடிக் கற்பித்தல் 16 மணி. மற்ற 24 மணியும் வேலைதான் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு சம்பளம் கொடுக்கிறது. வகுப்பில் ஒரு மணி நின்றால் மொத்தம் இரண்டரை மணி உழைப்பு. இங்கேயும் அதே இரண்டரை. நிரந்தரமானவர் பாடம் தயாரிக்காமல் வகுப்புக்குப் போக முடியாது, மணிக்கணக்குக்காரர் மட்டும் பஸ்ஸில் வரும்போது ஞானம் பெற்றுவிடுவார் என்பது ஏற்பாடு.

அதே 16 மணிக்கு அடுத்த நாற்காலிக்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்று பார்ப்பது வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் பார்ப்போம். அரசுக் கல்லூரியிலோ உதவி பெறும் பணியிடத்திலோ புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியரின் அடிப்படை ஊதியம் 57,700. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எதையும் சேர்க்காமல் ஆண்டுக்கு 6,92,400. அதே 480 மணியால் வகுத்தால் மணிக்கு 1,442 ரூபாய் 50 காசு. 300 எங்கே, 1,442 எங்கே! தகுதி ஒன்று, பாடத்திட்டம் ஒன்று, மாணவர் ஒருவரே. கரும்பலகையும் ஒன்றுதான், துடைக்கிற டஸ்டரைக் கூட இருவரும் மாற்றி மாற்றித்தான் எடுக்கிறார்கள்.

மானியக் குழுவுக்கு இது தெரியாமல் இல்லை. 2019 ஜனவரியில் கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய் என்று அறிவித்தது. பாருங்கள், 1,442-க்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். நியாயம் செத்துப்போகவில்லை என்று நினைக்கும்போதே அடுத்த வரி வருகிறது: மாதத்துக்கு 50,000-க்கு மிகாமல். 50,000-ஐ 1,500-ஆல் வகுத்தால் 33 மணி 20 நிமிடம். வாரம் 16 மணி எடுப்பவருக்கு மூன்றாம் வாரத் தொடக்கத்திலேயே அந்த மாதத்துச் சம்பளம் தீர்ந்துவிடும். முப்பத்துநாலாவது மணியின் இருபதாவது நிமிடத்தில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கு மேல தர்மம் பிள்ளைகளா" என்று சொல்லிக்கொள்ளலாம். நம் காலண்டரை இந்த விகிதத்தில் ஓட்டினால் ஜூனில் 36,000, அக்டோபரிலும் ஏப்ரலிலும் தலா 48,000, மற்ற ஏழு மாதம் 50,000. மொத்தம் 4,82,000. உச்சவரம்பு கட்டிய பிறகும் மாதச் சராசரி 40,000-க்கு மேல். நம் ஆளின் 10,500-க்கு இது சொர்க்கம். அந்தச் சொர்க்கம் டெல்லியிலிருந்து ஒரு கடிதமாகப் புறப்பட்டது; சிவகாசிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களுக்கு மணிக்கணக்கு இல்லை, தொகுப்பூதியம். மாதம் 25,000, ஆண்டுக்கு 11 மாதம். ஆக 2,75,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 22,916. 480 மணியால் வகுத்தால் மணிக்கு 573 ரூபாய். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் மானியக் குழு சொன்ன 50,000-ஐக் கொடுக்கச் சொன்னது. பல்கலைக்கழகங்களுக்கும் தனியார் கல்லூரிகளுக்கும் முன்மாதிரியாக இருக்க வேண்டிய அரசே பன்னிரண்டாவது மாதத்தைக் காலண்டரிலிருந்து கிழித்துப் பையில் போட்டுக்கொண்டால், சுயநிதிச் செயலர் இரண்டு மாதத்தைக் கிழிப்பதில் என்ன வியப்பு?

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருவது இந்த இடத்தில் அல்ல, சட்டத்தில்.

இந்த மாவட்டத்துக்குத் துண்டு வேலை புதிதல்ல. தீப்பெட்டி ஒட்டினால் குரோஸுக்கு இவ்வளவு, பட்டாசுக்குக் குழாய் உருட்டினால் இவ்வளவு என்று மூன்று தலைமுறையாகப் பார்த்த ஊர். அந்தத் துண்டு வேலைக்கு 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இரண்டு பாதுகாப்பு வைத்தது. எண்ணிக்கைக் கூலி எவ்வளவாக இருந்தாலும், நாள் கணக்கில் நிர்ணயித்த குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. இது ஒன்று. வேலைக்கு வந்தவருக்கு முதலாளி வேலை கொடுக்கத் தவறினாலும், சில விலக்குகள் தவிர, முழு நாள் கூலி உண்டு. இது இரண்டாவது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இரண்டும் இருக்கின்றன. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குழாய் உருட்டும் அக்காவுக்கு இது முழுசாகக் கிடைக்கிறதா என்றால், இல்லை. அந்த அநியாயம் தனி. ஆனால் அவருக்காக வாதாட ஒரு சட்டப்பிரிவாவது இருக்கிறது.

அந்த இரண்டாவது பாதுகாப்பை இன்னொரு முறை படியுங்கள். வேலைக்கு வந்து, முதலாளி வேலை தராவிட்டாலும் கூலி. விளையாட்டு விழா அன்று ஒன்பது மணிக்கே வந்து மைதானத்தில் நின்ற நம் விரிவுரையாளருக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறதல்லவா? போட்டுக்கொள்ள முடியாது. 1996-இல், ஹரியானாவின் அங்கீகாரம் பெறாத பள்ளிகள் தொடர்ந்த வழக்கில், ஆசிரியர்கள் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1988-இல், கோவாவைச் சேர்ந்த ஓர் ஆசிரியையின் வழக்கில், தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் தொழிலாளி அல்லர் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தது. கற்பித்தல் கூலி வேலை அல்ல, மேலான பணியாம். மேலான பணி என்பதால் அதற்குக் கீழ்வரம்பு கிடையாது! அகராதியே இல்லாத ஊரில்கூட இப்படியொரு பொருள் சொல்லமாட்டார்கள். 2025 ஆகஸ்டில் குஜராத்தின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், குரு பிரம்மா, குரு விஷ்ணு என்று ஓதிக்கொண்டே இருந்தால் போதாது என்று கடிந்துகொண்டு, 30,000 வாங்கியவர்களுக்கு நிரந்தரமானவரின் தொடக்க ஊதியத்தைக் கொடுக்கச் சொன்னது. அவர்கள் அரசுக் கல்லூரியின் ஒப்பந்த ஆசிரியர்கள். மணிக்கணக்கில் சுயநிதிப் பிரிவுக்குப் போகிறவர் அந்தத் தீர்ப்பைப் பஸ்ஸில் படித்து மகிழலாம், அதற்குத் தடையில்லை.

தொழிலாளர் சட்டத்துக்கு அவர் தொழிலாளி இல்லை. கல்லூரிக்கு அவர் ஊழியர் இல்லை. அவரை மதிக்கிற ஒரே இலாகா வருமான வரித்துறை. அங்கே அவர் வழக்கறிஞர், மருத்துவர் வரிசையில் 'தொழில்முறையாளர்'. பல கல்லூரிகள் அவருக்குத் தருவதைச் சம்பளம் என்று எழுதாமல் தொழில்முறைக் கட்டணம் என்றே எழுதுகின்றன. அப்படி எழுதினால் வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. பற்றிய பேச்சே எழாது என்ற கணக்கு. தொகை ஆண்டுக்கு 50,000-ஐத் தாண்டினால் பத்து சதவீதம் டிடிஎஸ். 1,26,000-க்கு 12,600. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாதவரிடம் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் பிடித்துவிடுகிறார்கள்.

இது மட்டும் திரும்பக் கிடைக்கும். கணக்குத் தாக்கல் செய்தால் ரீஃபண்ட் வரும். பட்டாசு ஆலையில் தீபாவளிக்கு போனஸ் வருவது போல் இவருக்கு வரும் ஒரே போனஸ் இவருடைய பணமேதான். தாக்கல் செய்வதற்கு முன்பு வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் கழித்திருப்பார்கள், அரசுக்குக் கட்டியிருக்கமாட்டார்கள். அல்லது பான் எண்ணில் ஓரெழுத்தை மாற்றி வேறு யாருக்கோ கட்டியிருப்பார்கள். தொகை ஏறவில்லையென்றால் பில்லின் நகலோடு கல்லூரி அலுவலகத்துக்குப் போய், பிடித்ததற்கான சான்றிதழை எழுத்தில் கேளுங்கள். நவம்பரில் போவது நல்லது. கோபப்பட்டு உங்கள் வகுப்பைக் குறைக்கலாம் என்று பார்த்தால், அப்போது குறைக்க ஒரு மணிகூட இருக்காது.